ட்ரெட்மில்லில் 5.00, வாட்சில் 4.62: எதை நம்புவது?

சென்னையில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு அக்டோபர் பிறந்தாலே கவலை தொடங்கிவிடும். சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரியில். அதற்கான கடும் பயிற்சி வந்து விழுவதோ வடகிழக்குப் பருவமழையின் நடுவில். சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும் நாட்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம்முக்குள் புகுந்து ட்ரெட்மில்லில் ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. வெளியில் ஓடும்போது வராத ஒரு சந்தேகம் அங்கேதான் வருகிறது. ஓடியது எவ்வளவு தூரம் என்று இயந்திரம் ஒன்று சொல்கிறது, மணிக்கட்டில் கட்டிய வாட்ச் வேறொன்று சொல்கிறது.

என் தோழி ஒருவர் அரை மாரத்தானுக்குத் தயாராகிறார். இயந்திரத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வைத்து ஏறக்குறைய 30 நிமிடம் ஓடினார். திரையில் 5.00 கி.மீ. வந்ததும் நிறுத்திவிட்டு வாட்சைப் பார்த்தால் 4.62 கி.மீ. என்று இருந்தது. முழுதாக 380 மீட்டரைக் காணோம். ஜிம் டிரெய்னரிடம் கேட்டார். “மெஷின் கரெக்டாதான் காட்டுது மேடம். உங்க வாட்ச்லதான் ஏதோ பிரச்சினை. அதுல 5ன்னு போட்டுத் திருத்திக்கோங்க” என்றார் அவர்.

பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வாட்சுக்குள் ஓர் எண்ணைப் போடுவதற்கு முன், இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

வெளியில் ஓடும்போது வாட்ச் செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அதிலிருந்து தூரம் கிடைக்கிறது. ஜிம்முக்குள் அது உதவாது. கூரை மறைக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, சமிக்ஞை தெளிவாகக் கிடைத்தாலும் நீங்கள் நின்ற இடத்திலேயேதான் இருக்கிறீர்கள். ஆகவே வாட்சுக்கு மிஞ்சுவது அதனுள் இருக்கும் முடுக்கமானி மட்டும். ஆக்ஸிலரோமீட்டர் என்று சொல்லப்படும் இந்தச் சின்னஞ்சிறு உணரி, வேகம் மாறுவதைத்தான் உணரும். சீராகப் போகும் வேகத்தை அது உணராது. நீங்கள் மணிக்கு 8 கி.மீ.யில் சீராக ஓடுகிறீர்களா, 10 கி.மீ.யில் சீராக ஓடுகிறீர்களா என்பதை அதனால் நேரடியாக அறிய முடியாது. அதற்குத் தெரிவது கை முன்னும் பின்னும் வீசுவதும், ஒவ்வொரு முறை கால் பதியும்போது உடம்பில் ஏறும் அதிர்வும்தான்.

கை ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வந்தால் இரண்டு காலடி. இந்தக் கணக்கை வாட்ச் நன்றாகவே போடும். நிமிடத்துக்கு எத்தனை காலடி என்பதில் அது பெரிதாகத் தவறுவதில்லை. ஓட்டக்காரர்கள் கேடன்ஸ் என்று சொல்வது இதைத்தான். தவறு நேர்வது அடுத்த படியில். ஒவ்வொரு காலடிக்கும் நீளம் எவ்வளவு? அதை வாட்ச் அளப்பதில்லை, ஊகிக்கிறது. நீங்கள் பதிந்து வைத்த உயரம், கை வீச்சின் வேகம், முன்பு வெளியில் ஓடியபோது செயற்கைக்கோள் துணையோடு கற்றுக்கொண்டது ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நீளத்தை வைத்துக்கொள்கிறது. காலடிகளின் எண்ணிக்கையை அந்த நீளத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும்.

தோழியின் ஓட்டத்தில் கேடன்ஸ் 166. முப்பது நிமிடத்துக்கு 4,980 காலடிகள். வாட்ச் காட்டிய 4,620 மீட்டரை இதனால் வகுத்தால், ஒரு காலடிக்கு 93 சென்டிமீட்டர் என்று அது எடுத்துக்கொண்டது தெரிகிறது. இயந்திரம் சொல்லும் 5,000 மீட்டர் உண்மையானால் ஒரு காலடி 1 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். காணாமல் போன 380 மீட்டரும் இந்த 7.6 சென்டிமீட்டர் வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இயந்திரம் அந்த 5,000 மீட்டரை எப்படிக் கண்டது? உங்கள் காலை அது பார்ப்பதே இல்லை. பெல்ட்டை இழுக்கும் மோட்டாரோ முன் உருளையோ எத்தனை முறை சுற்றியது என்பதை ஓர் உணரி எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு பெல்ட் இவ்வளவு நகரும் என்று தொழிற்சாலையில் வைத்த கணக்கால் அதைப் பெருக்கித் திரையில் காட்டுகிறது. ஆக, இயந்திரமும் எண்ணிப் பெருக்குகிறது, வாட்சும் எண்ணிப் பெருக்குகிறது. இரண்டில் எதற்கும் தூரம் நேரடியாகத் தெரியாது.

புது இயந்திரத்தில், நன்றாகப் பராமரித்த பெல்ட்டில், தொழிற்சாலைக் கணக்கு சரியாகவே இருக்கும். பல பேர் மாறி மாறி ஓடும் குடியிருப்பு ஜிம்மில் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. கால் பதியும்போது உடல் எடை பெல்ட்டைக் கீழே உள்ள பலகையோடு அழுத்துகிறது. அந்த நொடியில் பெல்ட் தடைபட்டுச் சற்றே தாமதிக்கிறது. பெல்ட்டுக்கு அடியில் போட வேண்டிய சிலிக்கோன் எண்ணெய் காய்ந்திருந்தாலோ, பெல்ட் தளர்ந்திருந்தாலோ தாமதம் கூடும். தளர்ந்த பெல்ட் உருளையின் மேல் வழுக்கும்போது உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் காலடியில் பெல்ட் அந்த அளவுக்கு நகர்ந்திருக்காது. கடைக்காரரின் எடைக்கல்லைச் சோதிக்காமல் அதை வைத்து வீட்டுத் தராசைத் திருத்துவது போன்றது, இயந்திரத்தைச் சோதிக்காமல் வாட்சில் 5 என்று போடுவது.

சோதிப்பது எளிது. ஒரு டேப், சுண்ணாம்புக்கட்டி, போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். முதலில் ஜிம்மில் அனுமதி கேட்டு, இயந்திரத்தை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பெல்ட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, பெல்ட்டைக் கையால் மெல்லத் தள்ளித் தள்ளி, துண்டு துண்டாக அளந்து, போட்ட கோடு திரும்பி வரும்வரை கூட்டிக்கொண்டே போனால் முழு நீளம் கிடைத்துவிடும். தோழியின் ஜிம்மில் அது 3.10 மீட்டர் வந்தது. பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, வேகத்தை 10இல் வைத்து, ஒருவர் மேலே ஓட வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று கோடு எத்தனை முறை கடந்து போகிறது என்று எண்ண வேண்டும். ஓடும் பெல்ட்டின் அருகே கையைக் கொண்டுபோகக் கூடாது. கண்ணால் எண்ணுவது கடினமாகத் தெரிந்தால் போனில் வீடியோ எடுத்து, பிறகு நிதானமாக எண்ணலாம். மேலே யாரும் ஓடாமல் சோதிப்பதில் பயனில்லை. சுமை இல்லாத பெல்ட் தாமதிக்காது, தவறையும் காட்டிக்கொடுக்காது.

தோழியின் கணவர் எண்ணினார். 40 சுற்றுக்கு 46.1 விநாடி ஆனது. 40 சுற்று என்றால் 124 மீட்டர். உண்மையிலேயே மணிக்கு 10 கி.மீ. வேகமாக இருந்திருந்தால் 44.6 விநாடியில் முடிந்திருக்க வேண்டும். 46.1 விநாடிக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வேகம் 9.68 கி.மீ. திரை சொல்வதைவிடச் சுமார் 3 சதவீதம் குறைவு. அப்படியானால் திரையில் 5.00 என்று வந்தபோது அவர் ஓடியிருந்தது 4.84 கி.மீ.

காணாமல் போன 380 மீட்டரின் கதை இப்போது மாறிவிடுகிறது. அதில் 160 மீட்டர் இயந்திரத்தின் தவறு, 220 மீட்டர் வாட்சின் தவறு. டிரெய்னர் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல்தான் சரி.

இந்த 3 சதவீதம் சின்ன விஷயமல்ல. இயந்திரம் 10 என்று காட்டும்போது கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுவதாக அவர் நம்புகிறார். உண்மையில் 6 நிமிடம் 12 விநாடி ஆகிறது. அதே உழைப்பில் அரை மாரத்தானை 2 மணி 6 நிமிடத்தில் முடிக்கலாம் என்று திட்டமிட்டால், பந்தயத்தன்று 2 மணி 10 நிமிடத்தைத் தாண்டிவிடும். இல்லையென்றால், நம்பிய வேகத்தைப் பிடிக்க முயன்று கடைசி சில கிலோமீட்டரில் துவண்டுபோக வேண்டிவரும். வாட்சும் இயந்திரமும் ஒரே எண்ணைக் காட்டினால் மனதுக்கு நிம்மதியாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து தவறாகக் காட்டுவதில் ஓடுகிறவருக்கு ஒரு லாபமும் இல்லை. அதனால் என் தீர்ப்பு இதுதான்: வாட்சில் பதிய வேண்டியது திரையில் வந்த 5.00 அல்ல, சோதனைக்குப் பிறகு கிடைத்த 4.84.

பதியும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார்மின் வாட்சுகளில் `Treadmill` என்ற செயல்பாட்டைத் தேர்ந்தெடுத்து ஓட வேண்டும். திருத்தம் செய்யக் குறைந்தபட்ச தூரம் ஒன்று உண்டு. மாடலைப் பொறுத்து அது 1.5 கி.மீ. அல்லது 2.4 கி.மீ. ஓட்டத்தை நிறுத்தியதும் `Calibrate & Save` என்ற தெரிவு வரும். அதில் சரியான தூரத்தைப் போட்டுச் சேமித்தால், அடுத்த ஓட்டத்திலிருந்து காலடி நீளத்தைத் திருத்தி எடுத்துக்கொள்ளும்.

ஆப்பிள் வாட்ச் முக்கியமாக நம்பியிருப்பது வெளியோட்டத்தை. வானம் திறந்த, சமதளமான இடத்தில் `Outdoor Run` வைத்து, வழக்கமான வேகத்தில் சுமார் 20 நிமிடம் ஓட வேண்டும். போனில் இருப்பிடச் சேவைகளின் கீழ் `Motion Calibration & Distance` இயக்கத்தில் இருக்க வேண்டும். அந்த 20 நிமிடத்தில் செயற்கைக்கோள் சொல்லும் தூரத்தையும் கை வீச்சையும் பொருத்திப் பார்த்து, உங்கள் காலடியின் நீளத்தை அது கற்றுக்கொள்கிறது. பழைய பாடம் தவறாகிப் போயிருந்தால் `Reset Fitness Calibration Data` கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொடுக்கலாம்.

வெளியோட்டத்தில் கற்றுக்கொடுப்பதற்கு நீண்ட நேரான சாலைதான் ஏற்றது. உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சமிக்ஞை எதிரொலித்துத் தூரத்தைக் கெடுக்கும். 400 மீட்டர் வட்டப்பாதை துல்லியமானதுதான், ஆனால் வளைவுகளில் செயற்கைக்கோள் வழித்தடம் சறுக்குவதுண்டு. வட்டப்பாதையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். உட்பக்க முதல் தடத்தில் ஒரு சுற்று சீராக ஓடி, வலது கால் பதிவதை மட்டும் எண்ணி, அதை இரட்டித்து, 400ஐ அதனால் வகுத்தால் உங்கள் காலடி நீளம் சென்டிமீட்டர் கணக்கில் கிடைத்துவிடும். சில செயலிகள் உயரத்தை வைத்துத் தாங்களே ஒரு நீளத்தை வைத்துக்கொண்டு, அதை நாமே மாற்றவும் இடம் தருகின்றன. அவற்றில் இந்த எண்ணைப் போடலாம். போடும்போது ஒரு கால் பதிந்த இடத்திலிருந்து மறுகால் பதியும் இடம் வரையுள்ள நீளத்தைத்தான் அந்தச் செயலி கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே கால் மறுபடி பதியும்வரை உள்ள நீளத்தைப் போட்டால் தூரம் இரட்டிப்பாகிவிடும்.

திருத்தத்துக்காக ஓடும் அந்த ஒரு நாள் கொஞ்சம் ஒழுங்காக ஓட வேண்டும். வாட்ச் மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, ஆடாமல் இருக்கட்டும். பெல்ட் நகரத் தொடங்கும்போதே வாட்சையும் தொடங்குங்கள். நடுவில் தண்ணீர் குடிக்கப் பக்கவாட்டு விளிம்பில் ஏறி நிற்காதீர்கள். நீங்கள் நின்றாலும் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், இயந்திரம் அந்தத் தூரத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிடும். சில இயந்திரங்களில் நிறுத்தும் பொத்தானை அழுத்திய சில நொடிகளில் எண்கள் மறைந்துவிடும். அழுத்துவதற்கு முன் திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் உள்ள கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் கை வீச்சு நின்றுபோகும். வாட்சைப் பொறுத்தவரை அப்போது நீங்கள் ஓடவே இல்லை, அல்லது மிக மெதுவாக நடக்கிறீர்கள்.

தோழி இப்படியெல்லாம் செய்து 4.84 என்று பதிந்தார். அடுத்த முறை அதே வேகத்தில் ஓடியபோது வாட்ச் கிட்டத்தட்ட அதே தூரத்தைச் சொன்னது. ஆனால் இயந்திரத்தில் 8 வைத்து மெதுவாக அரைமணி நேரம் ஓடிய நாளில் மறுபடியும் குழப்பம். இயந்திரம் 4.00 என்றது. அதன் 3 சதவீதத்தைக் கழித்தால் 3.87. வாட்சோ 4.08 காட்டியது. முன்பு குறைத்துச் சொன்ன வாட்ச் இப்போது 5 சதவீதம் கூட்டிச் சொல்கிறது.

இது வாட்ச் கெட்டுப்போனதால் அல்ல. மனித ஓட்டமே அப்படித்தான். வேகம் கூடும்போது நாம் காலைச் சற்றே விரைவாகவும், மிக நீளமாகவும் வைக்கிறோம். ஒருவர் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 160 காலடி வைக்கிறார் என்றால், ஒவ்வொன்றும் 83 சென்டிமீட்டர். அவரே 12 கி.மீ. வேகத்தில் 172 காலடி வைத்தால், ஒவ்வொன்றும் 1 மீட்டர் 16 சென்டிமீட்டர். வேகம் ஒன்றரை மடங்கானபோது காலடியின் எண்ணிக்கை கூடியது எட்டு சதவீதத்துக்கும் குறைவு, நீளமோ நாற்பது சதவீதம் கூடிவிட்டது. வாட்ச் நன்றாக அளக்கும் எண்ணிக்கை அதிகம் மாறுவதில்லை, அது ஊகிக்கும் நீளம்தான் தாறுமாறாக மாறுகிறது. கை வீச்சின் வேகத்தைப் பார்த்து நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க இந்த வாட்சுகள் முயல்கின்றன. ஆனால் திருத்தம் செய்த வேகத்திலிருந்து விலக விலகப் பிழை வளரும்.

ஆகவே எந்த வேகத்தில் திருத்துவது என்பது முக்கியம். வாரத்தில் அதிக தூரம் எந்த வேகத்தில் ஓடுகிறீர்களோ, அந்த வேகத்தில் திருத்துங்கள். அரை மாரத்தானுக்குத் தயாராகிறவருக்குப் பெரும்பாலும் அது நிதானமான வேகம்தான். தோழியும் பிறகு 8 வேகத்தில் மறுபடி திருத்திக்கொண்டார். வேகமும் மெதுவுமாக மாற்றி மாற்றி ஓடும் நாட்களில் வாட்ச் தூரத்தை அவர் கணக்கில் எடுப்பதில்லை. இயந்திரம் சொல்லும் தூரத்திலிருந்து 3 சதவீதத்தைக் கழித்துப் பயிற்சிக் குறிப்பில் எழுதிக்கொள்கிறார். அப்படி மாற்றி ஓடிய நாளின் முடிவில் வாட்சைத் திருத்துவது தவறு. அந்த ஒரு நாளின் கலவைக்கு ஏற்ற சராசரி நீளத்தை அது கற்றுக்கொள்ளும், மறுநாள் எந்த வேகத்துக்கும் அது பொருந்தாது. எல்லா வேகத்திலும் சரியான தூரம் வேண்டுமென்றால் மணிக்கட்டை விட்டுக் காலுக்குப் போக வேண்டும். ஷூ லேஸில் மாட்டும் ஃபுட் பாட் கருவி காலின் அசைவையே நேராக அளப்பதால் வேகம் மாறும்போது இவ்வளவு தடுமாறாது.

திருத்திய பிறகும் எண் சேரவில்லை என்றால், பிழையின் போக்கைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம். ஒரே வேகத்தில் தினமும் ஒரே அளவு பிழை வந்தால் காலடி நீளம் சரியாகப் பதியவில்லை. ஒரே வேகத்திலேயே ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் வந்தால் பட்டை தளர்வாக இருக்கிறது, அல்லது கம்பியைப் பிடிக்கிறீர்கள், அல்லது கையில் போனோ துண்டோ இருக்கிறது. சாய்வு வைத்த நாளில் மட்டும் வாட்ச் கூட்டிக் காட்டினால், ஏற்றத்தில் காலடி குறுகி எண்ணிக்கை கூடியிருக்கும். வித்தியாசம் ஏறத்தாழ 1.6 மடங்கு என்றால் யாருமே தவறவில்லை, இயந்திரம் மைலில் காட்டுகிறது. அந்த எண்ணை அப்படியே வாட்சில் போட்டுவிட்டால் அதுவரை கற்றதெல்லாம் பாழ்.

வழக்கமான வேகத்தில் 2 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் திருத்துவதை நிறுத்திவிடலாம். மணிக்கட்டு ஊகத்தில் அதற்குமேல் துல்லியம் தேடிப் பயனில்லை. பெல்ட் மாற்றினால், இறுக்கினால், வேறு இயந்திரத்துக்குப் போனால் மட்டும் சுண்ணாம்புக் கோட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

குடியிருப்புச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஜிம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ட்ரெட்மில்லிலும் பெல்ட்டின் நீளத்தையும், 10 என்று வைத்து ஒருவர் மேலே ஓடும்போது கிடைக்கும் உண்மையான வேகத்தையும், அளந்த தேதியையும் எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். அதைப் பார்த்து ஓடுகிறவர்கள் தங்கள் வாட்சைத் தாங்களே சரியாகத் திருத்திக்கொள்வார்கள்.